கம்பி எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை நாள்?

“லிண்டல் மட்டம் வந்துருச்சு சார். நாளைக்கு சென்ட்ரிங் ஆளு வர்றாங்க. சன்ஷேடையும் சேர்த்தே போட்டுடலாம். பத்து நாள்ல தளம், அப்புறம் க்யூரிங், அது முடிஞ்சா பூச்சு.” மேஸ்திரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சாரத்தின் மேல் ஏறிவிடுகிறார். முதல் வீடு கட்டுகிறவர் தலையை ஆட்டுகிறார். அவருக்குப் புரிந்தது ‘பத்து நாள்’ என்பது மட்டும்தான்.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பணம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பிறகு திருத்தவே முடியாத ஒரு வேலை இருக்கிறது. பெயிண்ட் பிடிக்கவில்லை என்றால் மாற்றி அடிக்கலாம், டைல்ஸைப் பெயர்க்கலாம். தளத்துக்குள் தவறான இடத்தில் கிடக்கும் கம்பியை யாரும் நகர்த்த முடியாது. அதனால் வீட்டுக்காரர் பொறியியல் படிக்காவிட்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கத் தெரிந்துகொண்டால் நல்லது. லிண்டல், சன்ஷேட், தளம் ஆகிய மூன்றிலும் ‘கம்பி எங்கே கிடக்கிறது’ என்பது ஒன்று. க்யூரிங், பூச்சு ஆகிய இரண்டிலும் ‘தண்ணீர் எப்போது, எத்தனை நாள்’ என்பது மற்றொன்று.

தமிழ்நாட்டில் சாதாரணமாகக் கட்டப்படும் ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 20 அடி, நீளம் 30 அடி, தரைத்தளம் மட்டும். வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர். பேஸ்மெண்ட் முடிந்து சுவர் எழும்பிவிட்டது. ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் இடம்விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இந்தத் திறப்புகளின் மேல்விளிம்பு வரைக்கும் சுவர் வந்து நிற்பதைத்தான் ‘லிண்டல் மட்டம்’ என்கிறார் மேஸ்திரி.

செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை உயரத்துக்கும் அடுக்கலாம். வெற்றிடத்தின் மேல் அடுக்க முடியாது. 4 அடி அகல ஜன்னலுக்கு மேலே சுவர் தொடர வேண்டுமென்றால், அந்த இடைவெளியைத் தாண்டிக் கிடக்கும் ஓர் உத்தரம் வேண்டும். அந்தக் காலத்தில் கருங்கல் பலகையோ தேக்குக் கட்டையோ வைத்தார்கள். இப்போது அந்த இடத்தில் கம்பி வைத்துக் கான்கிரீட் போடுகிறார்கள். அதுதான் லிண்டல்.

ஜன்னல் 4 அடி என்பதால் லிண்டலும் 4 அடி இருந்தால் போதாது. இரண்டு பக்கமும் சுவரின் மேல் அது உட்கார வேண்டும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் உட்கார வேண்டும் என்பது நடைமுறை. ஆக 4 அடி ஜன்னலுக்கு 5 அடி லிண்டல். இதைக் குறைத்தால் முழு எடையும் சுவரின் ஓரச் செங்கல் ஒன்றிரண்டின்மேல் இறங்கி, அந்த முனை நொறுங்கும். பல வீடுகளில் லிண்டலைத் துண்டு துண்டாகப் போடாமல், வெளிச்சுவர் முழுக்க ஒரே பட்டையாக ஓட்டிவிடுகிறார்கள். கான்கிரீட் கொஞ்சம் கூடும். ஆனால் எல்லாச் சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டு கிடைக்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டிய செங்கல் கட்டடங்களுக்கு இந்திய தர நிர்ணயமும் இப்படிப்பட்ட தொடர் பட்டையைத்தான் சொல்கிறது.

லிண்டல் உயரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கதவு உயரம் 7 அடி என்று பேசுவார்கள். எங்கிருந்து 7 அடி? டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து. லிண்டல் போடும் நாளில் அந்தத் தரை இருக்காது. வெறும் பேஸ்மெண்ட் கான்கிரீட்தான் இருக்கும். அதன்மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலம் ஏறும். அதைக் கணக்கில் சேர்க்காமல் அளந்தால் வாசல் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். ஆர்டர் கொடுத்து வாங்கிய கதவின் அடியை இழைத்து மாட்டுகிற வீடுகள் நிறைய உண்டு. முடித்த தரை எங்கே வரும் என்று சுவரில் ஒரு கோடு போட்டு, தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து அந்த மட்டத்தை வீடு முழுக்கக் கடத்திவிட்டால் இந்தச் சிக்கலே வராது. அரைமணி நேர வேலை.

இப்போது கம்பி. கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் பெரிய சுமையைத் தாங்கும். இழுத்தால் சுலபமாக விட்டுவிடும். இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பலகையை வைத்து நடுவில் ஒருவர் நின்றால் பலகை கீழே வளையும். அப்போது பலகையின் மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. லிண்டலுக்கும் அதேதான் நடக்கிறது. இழுபடும் பக்கத்தைக் கான்கிரீட் தாங்காது என்பதால் அங்கே இரும்புக்கம்பி வைக்கிறோம். ஆகவே லிண்டலில் முக்கியமான கம்பி அடியில் கிடக்க வேண்டும். மேலே வைக்கும் கம்பி பெரும்பாலும் வளையங்களைப் பிடித்துக்கொள்ளத்தான்.

சன்ஷேடுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். ஜன்னலுக்கு மேல் வெயிலையும் சாரலையும் தடுக்க ஒன்றரை அல்லது இரண்டு அடி வெளியே நீட்டியிருக்கும் பலகை அது. ஒரு பக்கம் மட்டும் லிண்டலோடு பிணைந்திருக்கிறது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. பலகையை ஒரு முனையில் மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் எடை ஏற்றினால், இழுபடுவது மேல்பக்கம். எனவே சன்ஷேடில் கம்பி மேலே இருக்க வேண்டும். லிண்டலுக்குள் நன்றாக நுழைந்து மடங்கி நிற்கவும் வேண்டும்.

முதல் வீடு கட்டுகிறவர் கட்டாயம் நேரில் நின்று பார்க்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், தளத்தைவிட முதலில் சன்ஷேடைத்தான் சொல்ல வேண்டும். தளத்துக்குப் பொறியாளர் வருவார். சன்ஷேடைச் ‘சின்ன வேலை’ என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். கம்பி கட்டுபவர் சரியாக மேலேதான் கட்டியிருப்பார். கான்கிரீட் கொட்டும்போது யாராவது அதன்மேல் கால் வைத்தால் மெல்லிய கம்பி கீழே அமுங்கிவிடும். மூன்று அங்குல கனப் பலகையில் ஒரு அங்குலம் அமுங்கினாலே பாதி பலம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்து, சுவரை ஒட்டி மேல்பக்கத்தில் ஒரு நீளமான விரிசல் தெரியும். அதன் வழியே மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் அது விழும்.

சன்ஷேடில் இன்னொரு ஆபத்து, முட்டுகளை அவசரமாக எடுப்பது. 5 அடி நீளம், 2 அடி நீட்டம் உள்ள சன்ஷேடின் எடை ஏறக்குறைய 150 கிலோ. அதைப் பிடித்திருக்கும் 5 அடி லிண்டலின் எடை 130 கிலோவுக்கு மேல் கொஞ்சம்தான். சன்ஷேடின் எடை முழுக்கச் சுவருக்கு வெளியே தொங்குகிறது. லிண்டலின் எடையோ 9 அங்குலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. துண்டு லிண்டலாக இருந்து மேலே சுவர் எழும்பாத நிலையில் முட்டைத் தட்டினால், சன்ஷேட் லிண்டலையும் சேர்த்துப் புரட்டிக்கொண்டு கீழே வரும். கான்கிரீட் எவ்வளவு கெட்டியாகியிருந்தாலும் இது நடக்கும். ஏனென்றால் குறை அதன் பலத்தில் இல்லை, எடைச் சமநிலையில் இருக்கிறது. லிண்டலுக்கு மேல் மூன்றடிச் சுவர் எழும்பிவிட்டால் அந்தச் செங்கல்லின் எடை மட்டும் சுமார் 600 கிலோ சேர்கிறது. அதுதான் சன்ஷேடைப் பின்னால் அமுக்கிப் பிடிக்கிறது. மேலே சுவர் கட்டி முடியும்வரை சன்ஷேட் முட்டைத் தொடக்கூடாது என்று பழைய மேஸ்திரிகள் கண்டிப்பாக இருப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது தளம். பொறியாளர் ஸ்லாப் என்பார், மேஸ்திரி தளம் என்பார், வீட்டுக்காரர் ஒட்டுகிற அழைப்பிதழில் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் கான்கிரீட் போடும் அன்று கறிவிருந்தோ கேசரியோ கட்டாயம் உண்டு. அந்த ஒரு நாளைக்காக முந்தைய ஒரு வாரம் சென்ட்ரிங் வேலை நடக்கிறது. இரும்புத் தகடுகளை முட்டுகளின் மேல் பரப்பி, இடுக்குகளை அடைத்து, மேலே கம்பி கட்டுகிறார்கள்.

நம் வீட்டுக்குத் தளம் 20க்கு 30, கனம் 5 அங்குலம். கான்கிரீட் 250 கன அடி, அதாவது சுமார் 7 கன மீட்டர். அதன் எடை 17 டன்னுக்கு மேல். இறுகுகிறவரை இவ்வளவு எடையும் கீழே நிற்கும் முட்டுகளின் தலையில்தான் இருக்கிறது. சவுக்கு முட்டின் அடியில் மண் இளகியிருந்தாலோ, உயரம் போதாமல் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தாலோ, அதைக் கான்கிரீட் போடும் முந்தின நாளே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கீழே பலகை வைத்து நிறுத்திய முட்டுத்தான் நம்பத்தக்கது.

தளத்தில் கம்பி எங்கே? அறையின் நடுவில் தளம் கீழே வளைவதால் கம்பி அடியில். ஆனால் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சுவர் இருந்து, தளம் அதன்மேல் தொடர்ந்து போனால், அந்தச் சுவருக்கு மேலே தளம் எதிர்ப்பக்கமாக வளைய முயல்கிறது. அங்கே இழுபடுவது மேல்பக்கம். அதனால் நடுச்சுவர்களுக்கு மேலே மட்டும் கூடுதலாக மேல்கம்பி வைப்பார்கள் அல்லது அடிக்கம்பியையே வளைத்து மேலே ஏற்றுவார்கள்.

அடிக்கம்பி தகட்டைத் தொடக்கூடாது. தொட்டால் பின்னால் காற்றும் ஈரமும் எட்டித் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். பழைய வீடுகளில் சீலிங் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே தளத்தில் 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கென்றே கவர் பிளாக் என்ற சிறு கட்டைகள் கிடைக்கின்றன. சில தளங்களில் இன்னும் ஜல்லிக் கல்லைச் செருகுகிறார்கள். கொட்டும்போது அது நழுவிவிடும். கவர் பிளாக் விலை மிகக் குறைவு. அதை மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

மேல்கம்பிக்கு அடியில் நாற்காலிபோல் மடக்கிய கம்பித் துண்டுகளை நிறுத்துவார்கள். ‘சேர்’ என்று பெயர். சட்டி தூக்குகிறவர்கள் நடந்து நடந்து மேல்கம்பியைக் கீழே மிதித்துவிடாமல் இருக்கத்தான் இவை. 5 அங்குலத் தளத்தில் மேல்கம்பி ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இறங்கிவிட்டால் அந்த இடத்தின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகிறது. நடக்கிறவர்களுக்குப் பலகைப் பாதை போட்டுவிட்டால் தீர்ந்தது.

சிமெண்ட் எத்தனை மூட்டை என்பதை வீட்டுக்காரரே சரிபார்க்கலாம். வீட்டுக் கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்-20. வழக்கமான கலவையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இந்த விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை ஆகும். 7 கன மீட்டருக்கு 56, 57 மூட்டை. உத்தரங்கள் இருந்தால் அதற்கு மேல். ‘நாற்பது மூட்டை இருந்தா போதும்’ என்று யாராவது சிக்கனம் காட்டினால், மீதி மூட்டைக்குப் பதில் எது கலக்கப்போகிறது என்று கேட்பது நியாயம்.

அந்த மேடையில் சிமெண்டைவிட அதிகமாகக் கண்காணிக்க வேண்டியது தண்ணீர்க் குழாயை. எம்-20 கலவையில் 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். வேலை செய்கிறவர்களுக்குத் தளர்ந்த கலவை பிடிக்கும். கொட்டச் சுலபம், பரப்பச் சுலபம். ஆனால் சிமெண்டோடு சேராத உபரி நீர் பிறகு ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். பலமும் குறையும், மழையில் ஒழுக்கும் தொடங்கும். கெட்டியான கலவையை இடுக்குகளுக்குள் இறக்குவதற்குத்தான் வைப்ரேட்டர் இருக்கிறது. தகட்டைப் பிரித்த பிறகு அடியில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு தேன்கூடு மாதிரி தெரிந்தால், அங்கே வைப்ரேட்டர் சரியாக எட்டவில்லை அல்லது தகட்டு இடுக்கு வழியே சிமெண்ட் பால் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். மேலே பூசி மறைக்கும் முன் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

அடுத்த நாள் காலை முதல் தொடங்குவது க்யூரிங். ‘தண்ணி விடறது’ என்பார்கள். பலரும் இதைச் சூட்டைத் தணிக்கும் வேலை என்றே நினைக்கிறார்கள். கான்கிரீட் இறுகும்போது சூடாவது உண்மைதான். ஆனால் தண்ணீர் விடுவதன் முதல் நோக்கம் வேறு. சிமெண்ட் வெயிலில் காய்ந்து கெட்டியாகும் பொருள் அல்ல. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் கெட்டியாகிறது. அந்த வினை ஒரே நாளில் முடியாது, நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும். கலவையில் ஊற்றிய நீர் அதற்குப் போதும். ஆனால் மொட்டைமாடி வெயிலும் காற்றும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் போன இடத்தில் வினை நின்றுவிடும். பாதி வெந்த நிலையில் மேற்பரப்பு நின்றுபோகும். அதனால்தான் கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கழித்து அளப்பது வழக்கம். எம்-20 என்பதில் உள்ள 20, அந்த 28ஆம் நாள் பலத்தைத்தான் குறிக்கிறது.

எத்தனை நாள் என்பது சிமெண்ட் வகையைப் பொறுத்தது. சாதாரண ஓ.பி.சி. சிமெண்டாக இருந்தால் குறைந்தது 7 நாள் இடைவிடாமல் ஈரம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. வறண்ட, சூடான வானிலையில் 10 நாளுக்குக் குறையக்கூடாது. நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்கு 10 நாள், அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுவேலைக்கு அதிகமாக வருவது பி.பி.சி.தான். மூட்டையின்மேல் அச்சடித்திருக்கும், படித்துப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் பி.பி.சி. சிமெண்டில் தளம் போட்டுவிட்டு, ‘ஏழு நாள் ஆச்சு, போதும்’ என்று நிறுத்துவது அரைகுறை வேலை.

தளத்தில் தண்ணீர் நிற்க வைக்க, மேலே சின்னச் சின்னப் பாத்தியாகக் கலவையால் கரை கட்டுவார்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த நம் 600 சதுர அடிக்கு ஒருமுறை சுமார் 2,800 லிட்டர் வேண்டும். வெயிலில் குறைவதைத் தினம் நிரப்ப வேண்டும். தண்ணீர் லாரியை நம்பிக் கட்டுகிறவர்கள் இந்தச் செலவை முன்பே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பாத்தி கட்டுவதற்கு முந்தைய இரவு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பகல் வெயிலில் போட்ட தளம் சில மணி நேரத்துக்குள் மேலே காய்ந்து, தாறுமாறான மெல்லிய கோடுகள் விழும். மேற்பரப்பு அழுந்தாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கைப் பரப்பிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

தளத்தில் தண்ணீர் நிறுத்துவதற்கு எல்லோருக்கும் ஆர்வம், கண்ணுக்குத் தெரிகிற வேலை அது. தூண்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நிற்கிற தூணில் தண்ணீர் தங்காது. காலையும் மாலையும் குழாயைப் பீய்ச்சினால் பத்து நிமிடத்தில் வடிந்துவிடும். சாக்கைச் சுற்றிக் கட்டி, அதை ஈரமாகவே வைத்திருந்தால்தான் அது க்யூரிங். சாக்கு காய்ந்து விறைத்திருந்தால் அந்த வீட்டில் வேலை நடக்கவில்லை என்பதை வாசலிலிருந்தே சொல்லிவிடலாம்.

தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடலோர ஊர்களின் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். பரிசோதனைக்குக் கொடுக்க ஒரு பாட்டில் நீர் போதும்.

முட்டு எப்போது எடுக்கலாம்? அதே விதிநூலின்படி, 15 அடி வரை அகலம் உள்ள அறையின் தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்தரங்களுக்கு 14 முதல் 21 நாள். இது ஓ.பி.சி. சிமெண்டுக்கான கணக்கு. பி.பி.சி. மெதுவாகப் பலம் ஏறும் என்பதால் பொறியாளர்கள் இன்னும் சில நாள் சேர்த்துச் சொல்வார்கள். சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை ஓடும் என்பதால் மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும். நாள் கணக்கை முன்பே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது. எடுக்கும் வரிசையும் முக்கியம். அறைத் தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி முட்டுகளை எடுக்க வேண்டும். சன்ஷேடில் வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கி. மாற்றி எடுத்தால், கம்பி இல்லாத பக்கம் இழுபட நேரும்.

முட்டு போனதும் வீட்டுக்குள் வெளிச்சம் வருகிறது, எல்லோருக்கும் பூச்சு வேலைக்கு அவசரம் வருகிறது. பூச்சு என்பது சுவரின்மேல் சிமெண்ட்-மணல் கலவையைப் பூசி மட்டமாக்குவது. அதற்கு முன்னால் மின்குழாய்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் சுவரை வெட்டி முடித்திருக்க வேண்டும். பூசிய பிறகு வெட்டி ஒட்டினால் ஒட்டின இடம் கோடுகோடாகத் தெரியும். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலையை ஆணியடித்துப் பூச வேண்டும். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்குவதால், வலை இல்லாவிட்டால் தூணின் ஓரமாக நேர்க்கோட்டு விரிசல் வரும்.

உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் கனம் போதும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து அல்லது ஆறு. சீலிங்குக்குப் பூச்சு மெல்லிசு, கலவையில் சிமெண்ட் அதிகம். வெளிச்சுவருக்கு இரண்டு கோட்டாக 15 முதல் 20 மில்லிமீட்டர். இந்தக் கனம் கைமீறுவது எங்கே என்றால், சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக எழும்பாத வீட்டில்தான். கோணலை மறைக்க ஒன்றரை அங்குலம் அப்புவார்கள். ஒரே கோட்டில் அப்பிய அவ்வளவு கனமும் தன் எடையில் சரியும், காயும்போது வெடிக்கும். பூச்சுச் செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் கொத்தனாரின் சிமெண்டுக் கணக்கைச் சந்தேகிக்கும் முன் சுவரில் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்க்கலாம்.

செங்கல் தாகமுள்ள பொருள். காய்ந்த சுவரில் பூசினால் கலவையில் உள்ள நீரை அது உறிஞ்சிவிடும், சிமெண்ட் வேலை செய்யாது. முந்தின நாளே சுவரை நனைத்து, பூசும்போது ஈரம் இருந்தும் மேலே நீர் வழியாத நிலையில் இருக்க வேண்டும். வழவழப்பான தூணிலும் சீலிங்கிலும் உளியால் கொத்திவிட்டால்தான் பூச்சுக்குப் பிடிப்பு கிடைக்கும். கலவையைச் சிறிது சிறிதாகக் குழைப்பதும் அவசியம். தண்ணீர் சேர்த்து அரைமணி நேரத்துக்குப் பிறகு சிமெண்ட் இறுகத் தொடங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து, கெட்டிப்பட்ட கலவையில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைத்துப் பூசுவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்ல வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. அதேபோல், வழவழப்புக்காகப் பச்சைப் பூச்சின்மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது பல இடங்களில் பழக்கம். பார்க்க அழகாக இருக்கும், சில வாரத்தில் வலைபோல் மெல்லிய விரிசல் விடும்.

பூச்சுக்கும் ஒரு வாரமாவது தண்ணீர் உண்டு. அது முடிந்து காய்ந்ததும் மரக்கட்டையாலோ நாணயத்தாலோ சுவரைத் தட்டிக்கொண்டே போகலாம். கெட்டியான சத்தம் நல்லது. பொக்கென்று ஒலித்தால் அந்த இடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. உள்ளங்கையளவு என்றால் விட்டுவிடலாம். பெரிதாக இருந்தால், முக்கியமாகச் சீலிங்கில் இருந்தால், அந்தப் பகுதியைப் பெயர்த்துப் பூசச் சொல்ல வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு சொன்னால் கூலி இரட்டிப்பு.

விரிசல்களில் எது பூச்சோடு நிற்கிறது, எது உள்ளே போகிறது என்பதைத் திசையை வைத்து ஓரளவு பிரிக்கலாம். வலைபோன்ற மயிரிழைக் கோடுகள் பூச்சுக்குரியவை, பட்டி பார்த்து மூடலாம். குழாய் போன வழியில் வரும் நேர்க்கோடு, வெட்டிய பள்ளத்தைச் சரியாக அடைக்காததால் வந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறும் விரிசலும், சன்ஷேடின் மேல்பக்கம் சுவரை ஒட்டி ஓடும் விரிசலும், நடுச்சுவருக்கு நேர்மேலே மாடியில் தெரியும் விரிசலும் வேறு ரகம். லிண்டல் உட்கார்ந்த அளவு, கம்பி கிடந்த இடம், அஸ்திவாரம் என்று காரணம் உள்ளே இருக்கலாம். அப்படிப்பட்ட விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்துவிட்டு, அதைப் பூசி மூடும் முன் கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துக் காட்ட வேண்டும். அவர் வந்ததும் முதலில் கேட்பது கம்பி கட்டி முடித்த அன்று எடுத்த போட்டோக்களைத்தான். கான்கிரீட் போடும் முன் லிண்டல், சன்ஷேட், தளம் மூன்றையும் அளவு நாடாவை வைத்துச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.